போன வருஷம் லாபம், இந்த வருஷம் நட்டம்: வாராக்கடன் மூலதனத்தை எந்தத் தேதியில் தின்கிறது?

மேகலா ரா.
எனக்கு ஒரு வங்கியில் கொஞ்சம் பங்குகள் இருக்கின்றன. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். போன வருஷ ஆண்டறிக்கையில் வாராக்கடன் கூடியிருந்தது. ஆனாலும் லாபம் வந்தது, டிவிடெண்ட் கொடுத்தார்கள், மூலதன விகிதமும் சற்று ஏறியிருந்தது. இந்த வருஷம் வாராக்கடன் அளவில் பெரிய மாற்றமில்லை, ஆனால் பெரிய நட்டம். மூலதன விகிதம் விழுந்துவிட்டது, புதுக் கடன் கொடுப்பதைக் குறைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். கடன் கெட்டது போன வருஷம், நட்டம் இந்த வருஷம். இடையில் என்ன நடந்தது? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வமணி
எளிய விஷயம்தான். எல்லா வங்கியும் மூலதனம் என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்திருக்கும். கடன் திரும்பாவிட்டால் டெபாசிட்காரர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். போன வருஷம் எடுக்கத் தேவைப்படவில்லை, இந்த வருஷம் எடுத்திருக்கிறார்கள்.

பழைய பேரேடு
செல்வமணி, நட்டத்தை முதலில் தாங்குவது மூலதனம்தான், அது சரி. தனியாக எடுத்து வைத்த பணம் என்பது சரியில்லை. மூலதனம் எந்தப் பெட்டகத்திலும் இருக்காது. வங்கியின் சொத்துகளைக் கூட்டி, மற்றவர்களுக்குத் தரவேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மூலதனம். பங்குதாரர் போட்ட பணம் எப்போதோ கடனாக வெளியே போய்விட்டது.

நான் ஒரு வங்கியின் கடன் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மேகலா கேட்டதை ஒரு கற்பனை வங்கியை வைத்துக் காட்டுகிறேன். எண்கள் எல்லாம் கோடியில். விதிகள் இந்தியாவில் பல வருஷமாக நடப்பில் இருந்தவை.

வங்கி கொடுத்த கடன் 1,000. ரொக்கமும் அரசுக் கடன் பத்திரங்களும் 200. மொத்தம் 1,200. டெபாசிட்காரர்களுக்குத் தரவேண்டியது 1,080. மிச்சம் 120, அதுதான் மூலதனம். மூலதன விகிதம் என்பது, ஒவ்வொரு சொத்துக்கும் அதன் ஆபத்துக்கு ஏற்ப இடர் எடை கொடுத்துக் கூட்டிய தொகையில் மூலதனம் எத்தனை சதவீதம் என்பது. அரசுப் பத்திரங்களுக்கு இடர் எடை கிடையாது, கடனுக்கு முழு எடை என்று வைத்துக்கொண்டால் விகிதம் 12 சதவீதம். குறைந்தபட்சத்துக்கு மேல் கெட்ட காலத்துக்கென்று வைக்கச் சொல்லும் உபரித் தாங்கலையும் சேர்த்து இங்கே ரிசர்வ் வங்கி கேட்பது 11.5. ஆக, வங்கி நல்ல நிலையில் இருக்கிறது. செலவெல்லாம் போக வருஷத்துக்கு 20 சம்பாதிக்கிறது.

இதில் ஒரு ஆலைக்கு 50 கோடி கடன், வட்டி 10 சதவீதம். மார்ச் 31-ல் கட்டவேண்டிய தவணை வரவில்லை. ஏப்ரல், மே, ஜூன் எல்லாம் போய்விட்டன. 90 நாள் தாண்டியதும் ஜூன் கடைசியில் அது வாராக்கடன். அந்த மூன்று மாதத்துக்கு வங்கி 1.25 கோடி வட்டியை வருமானமாக எழுதி வைத்திருக்கும். பணம் வராததால் அதைத் திருப்பி எழுதவேண்டும். அதற்கப்புறம் கையில் வந்தால் மட்டுமே வட்டி வருமானம். வராது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் 5 கோடி வட்டி போச்சு, சம்பாத்தியம் 20-லிருந்து 15 ஆகிவிட்டது. ஆனால் அந்த 50 கோடிக்குப் பின்னால் இருக்கும் டெபாசிட்டுக்கு வங்கி வட்டி கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

வருஷக் கடைசியில் ஒதுக்கீடு, அதாவது கடனில் திரும்பாமல் போகலாம் என்று லாபத்திலிருந்து கழித்துக் காட்டும் தொகை. முதல் 12 மாதம் அது தரம் குறைந்த கடன் என்ற வகையில் இருக்கும். ஈடு உள்ள கடனுக்கு 15 சதவீதம் ஒதுக்கினால் போதும், அதாவது 7.5. பதினைந்தில் 7.5 போனால் லாபம் 7.5. வரி, டிவிடெண்ட் போக 2.5 மிஞ்சியது என்று வையுங்கள். மூலதனம் 122.5. கடனின் நிகர மதிப்பு 992.5. விகிதம் 12.3 சதவீதம்.

மேகலா பார்த்தது இதைத்தான். கடன் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது, மூலதன விகிதமோ ஏறியிருக்கிறது.

மேகலா ரா.
அதேதான் ஐயா. அப்படியென்றால் அந்த 15 சதவீதம் யாரோ அனுமானித்த எண்தானே? உண்மையில் எவ்வளவு போகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையா?

பழைய பேரேடு
சம்பந்தம் குறைவு. அது விதி சொல்லும் குறைந்தபட்சம், அதற்கு மேல் ஒதுக்க எந்த வங்கிக்கும் தடையில்லை. ஆனால் பெரும்பாலும் குறைந்தபட்சத்தோடு நிற்பார்கள்.

இரண்டாம் வருஷத்தைப் பாருங்கள். 12 மாதம் கடந்ததும் கடன் சந்தேகத்துக்குரியது என்ற வகைக்கு மாறும். இங்கேதான் கணக்கு வேறாகிறது. ஈட்டின் மதிப்புக்குள் அடங்கும் பகுதிக்கு முதலில் 25 சதவீதம் ஒதுக்கினால் போதும். ஈடு போதாத பகுதிக்கு முழுத் தொகையும் ஒதுக்கவேண்டும்.

கடன் கொடுத்த நாளில் அந்த ஆலையின் நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் 50 கோடிக்கு மேல் என்று மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. ஓடாத ஆலைக்கு மறுபடி மதிப்பீட்டாளரை அனுப்புகிறார்கள். அவர் எழுதியது 20 கோடி. இப்போது ஈடு இல்லாத 30-க்கு முழுசாக 30, ஈடு உள்ள 20-க்கு 5, மொத்தம் 35. ஏற்கெனவே ஒதுக்கிய 7.5 போக இந்த வருஷம் 27.5 வேண்டும். சம்பாத்தியம் 15-தான். நட்டம் 12.5.

மூலதனம் 122.5-லிருந்து 110. கடனின் நிகர மதிப்பு 965. விகிதம் 11.4. கேட்பது 11.5.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பழைய அறிக்கையே கோப்பில் இருந்திருந்தால்? 50-ம் ஈட்டுக்குள் அடங்கியதாகக் கணக்கு. 25 சதவீதம் 12.5, புதிதாக ஒதுக்கவேண்டியது வெறும் 5. வங்கி 10 கோடி லாபம் காட்டியிருக்கும். அதே ஆலை, அதே துரு. கோப்பில் எந்தத் தாள் இருக்கிறது என்பதில் 22.5 கோடி வித்தியாசம்.

தாமரைக்கண்ணன்
நான் ஒரு கேள்வி கேட்கலாமா? எங்கள் குடும்பத் தொழிலுக்கு வாங்கிய கடனை வங்கி தள்ளுபடி செய்துவிட்டதாகக் கிளையிலேயே சொன்னார்கள். நாங்களும் முடிந்தது என்றே நினைத்தோம். எட்டு மாதம் கழித்து வீட்டை ஏலம் விடுவோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மூலதனத்திலிருந்து கழித்துவிட்டார்கள் என்றால் எங்களிடம் எப்படிக் கேட்கமுடியும்? ஒரே கடனுக்கு இரண்டு முறை வசூலா?

பழைய பேரேடு
தாமரைக்கண்ணன், உங்கள் குழப்பத்துக்கு ஒரே சொல்தான் காரணம். தமிழில் இரண்டு வேறு காரியங்களையும் தள்ளுபடி என்கிறோம். ஒன்று, கடனே வேண்டாம் என்று விடுவது. இன்னொன்று, கடனைத் தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து மட்டும் நீக்குவது, வங்கியில் ரைட் ஆஃப் என்போம். உங்களுக்கு நடந்தது இரண்டாவதாக இருக்கவேண்டும். நீங்கள் தரவேண்டிய பொறுப்பும் ஈட்டின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமையும் அப்படியே தொடரும். கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். முழுத் தீர்வு என்று எழுத்தில் இல்லாவிட்டால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸில் உள்ள கெடுவைத் தவறவிடாதீர்கள்.

இரண்டு முறை வசூல் இல்லை. ரைட் ஆஃப் செய்யும் நாளில் மூலதனம் குறைவதுகூட இல்லை. 50-க்கு 50-ம் ஒதுக்கியாகிவிட்டது என்றால் இந்தப் பக்கம் கடன் 50, அந்தப் பக்கம் ஒதுக்கீடு 50, இரண்டையும் அடிப்பார்கள், அவ்வளவுதான். அடி விழுந்தது ஒதுக்கீடு செய்த வருஷங்களில். பிற்பாடு உங்களிடம் வசூலானால் அது நேராக அந்த வருஷ லாபத்தில் சேரும். அதனால்தான் விடாமல் கேட்கிறார்கள்.

தாமரைக்கண்ணன்
கிளையில் வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள். கடிதம் எதுவும் தரவில்லை. நாளைக்கே வழக்கறிஞரைப் பார்க்கிறேன். நன்றி ஐயா.

இளம்பரிதி
மேகலாவின் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, புதுக் கடன் ஏன் குறைந்தது என்பதற்கு. நான் இடர் மேலாண்மையில் வேலை செய்கிறேன்.

பேரேடு ஐயாவின் எண்களிலேயே பார்க்கலாம். மூலதனம் 120 இருந்தபோது, 11.5 சதவீதம் என்றால் அதன் மேல் சுமார் 1,043 வரை கடன் தூக்கலாம். கொடுத்திருந்தது 1,000. இன்னும் 43 கோடிக்கு இடம் இருந்தது. மூலதனம் 110 ஆனதும் தூக்கமுடிவது சுமார் 957. கையில் இருப்பதோ 965. இடம் இல்லை என்பது மட்டுமில்லை, 8 கோடி அதிகமாகவே இருக்கிறது. போன மூலதனம் 10-தான், ஆனால் கடன் கொடுக்கும் சக்தியில் சுமார் 87 போனது. ஒரு ரூபாய் மூலதனம் போனால் எட்டு ஒன்பது ரூபாய் கடனுக்கு இடம் போகிறது. டெபாசிட் எவ்வளவு குவிந்தாலும் இந்த இடம் திரும்பாது. கையில் பணம் நிறைய இருக்கும், கடன் கொடுக்கமுடியாது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

அந்த 8 கோடியைச் சரிக்கட்ட மூன்று வழி. புதுப் பங்கு விற்கலாம், ஆனால் நட்டம் காட்டிய வருஷத்தில் பங்கு விலை கீழே இருக்கும், பழைய பங்குதாரரின் பங்கு கரையும். லாபம் சேரும்வரை காத்திருக்கலாம், டிவிடெண்டுக்குக் கட்டுப்பாடு வரும். அல்லது கடனைச் சுருக்கலாம். சுருக்குவது என்றால் கெட்ட கடனையா சுருக்கமுடியும்? அது அசையாது. ஒழுங்காகக் கட்டுகிறவரின் கடன் முதிரும்போது புதுப்பிக்காமல் விடுவார்கள். வேறு எவனோ கட்டாத கடனுக்கு ஒழுங்கான சின்னத் தொழிலின் நடப்புமூலதனக் கடன் வெட்டப்படுகிறது. என் வேலையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

செல்வமணி
புரிந்தது, மூலதனம் பணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒதுக்கீடு வெறும் கணக்குப் பதிவுதானே, பணம் எதுவும் வெளியே போகவில்லை. அப்படியென்றால் அந்த ஆலைக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தால் ஒதுக்கீடும் இல்லை, நட்டமும் இல்லை. ஆலையும் பிழைத்திருக்கலாம். விதிதான் வங்கியை நட்டப்படுத்துகிறது.

பழைய பேரேடு
பணம் வெளியே போகவில்லை என்கிறீர்கள். 50 கோடி என்றைக்கு ஆலைக்குக் கொடுத்தோமோ அன்றைக்கே போய்விட்டது. ஒதுக்கீடு அதை ஒப்புக்கொள்ளும் பதிவு.

அவகாசம் நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்படுவதும் உண்டு, மறைக்கக் கொடுக்கப்படுவதும் உண்டு. மறைப்பது எப்படி என்று ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். தணிக்கையில் நான் பார்த்த கணக்கு. காலாண்டு முடிய நான்கு நாள் இருக்கும்போது பெரிய வரவு ஒன்று விழும். பாக்கி வட்டி தீரும், கணக்கு ஒழுங்காகிவிடும். அடுத்த காலாண்டின் முதல் வாரம் கிட்டத்தட்ட அதே தொகை வெளியே போகும். மூன்று காலாண்டு தொடர்ந்து இப்படி. வரவு எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து? எங்கள் வங்கியின் இன்னொரு கிளை கொடுத்த புதுக் கடன். எங்கள் பணத்தை வைத்தே எங்களுக்கு வட்டி கட்டியிருக்கிறார்கள்.

கணக்கில் இது எப்படித் தெரியும்? 5 கோடி வட்டி வருமானம், லாபம். கடன் 50 போய் குழுமத்துக்கு 55. லாபத்தால் மூலதனம் ஏறும். வரியும் டிவிடெண்டும் அந்த இல்லாத லாபத்திலிருந்து நிஜப் பணமாக வெளியே போகும். செல்வமணி, பணம் வெளியே போவது ஒதுக்கீட்டில் இல்லை, ஒதுக்காமல் விட்டதில்தான். கடைசியில் கணக்கு உடையும்போது நட்டம் 50-ல் இல்லை, அதைவிடப் பெரிய தொகையில் வரும். அதற்குள் ஆலையின் இயந்திரம் இன்னும் துருப்பிடித்திருக்கும்.

செல்வமணி
நீங்கள் சொல்வது ஏமாற்று. நான் கேட்பது நேர்மையான அவகாசம். 2015-ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று வங்கிகளின் பெரிய கடன் கணக்குகளை ஒரே நேரத்தில் தோண்டியது. அதற்கப்புறம்தான் வாராக்கடன் ஏறியது, வங்கிகள் கடன் கொடுப்பதைக் குறைத்தன. மெதுவாகச் செய்திருக்கக்கூடாதா?

இளம்பரிதி
நிகழ்ச்சிகளின் வரிசை சரி, காரணத்தில் பாதிதான் சரி. 2008 நெருக்கடிக்குப் பிறகு மறுசீரமைப்புக்குச் சலுகை இருந்தது. தவணையை மாற்றி எழுதினாலும் கடன் நல்ல கடன் என்ற வகையிலேயே இருக்கும். அந்தச் சலுகை 2015 ஏப்ரலில் பெரும்பாலும் முடிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ஆய்வு. மொத்த வாராக்கடன் 2015-ல் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது, 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் கடன்கள் ஆய்வு வந்த மாதத்தில் கெட்டுப்போகவில்லை. மின்சாரம், எஃகு, சாலைத் திட்டங்களுக்குப் பல வருஷம் முன்பு கொடுத்தவை. நீங்கள் கேட்ட நேர்மையான அவகாசம் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டதுதான். பிழைத்தவை உண்டு, பெரும்பகுதி பிழைக்கவில்லை.

ஆனால் வேகம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. எல்லா வங்கிக்கும் ஒரே நேரத்தில் மூலதனம் குறைந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனைச் சுருக்குவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் ஈட்டை விற்கப் போவார்கள். ஈட்டின் விலை இன்னும் விழும். அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2017 அக்டோபரில். ஆய்வும் மூலதனமும் கைகோத்து வந்திருந்தால் நடுவில் இருந்த அந்த இரண்டு வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று நானும் யோசித்திருக்கிறேன்.

பழைய பேரேடு
நான் இதில் இளம்பரிதியோடு உடன்படவில்லை. மூலதனம் முதலில் வந்திருந்தால் எந்த மேலாளரும் கணக்கைத் திறந்து காட்டியிருக்கமாட்டார். வந்த மூலதனத்தையும் அதே குழுமங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். முதலில் ஓட்டை எவ்வளவு என்று தெரியவேண்டும்.

இளம்பரிதி
கைகோத்து என்றுதான் சொன்னேன் ஐயா, முதலில் என்று சொல்லவில்லை. ஓட்டை தெரிந்து இரண்டு வருஷம் அடைக்காமல் விட்டதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சின்னக் கடன்காரர்கள் கட்டினார்கள்.

மேகலா ரா.
எனக்கு நிறையத் தெளிந்தது. ஒன்று மட்டும். போன வருஷ அறிக்கையைப் பார்த்தே இதைக் கணித்திருக்க முடியுமா? பங்குதாரரான எனக்குக் கோப்பில் உள்ள மதிப்பீட்டுத் தாள் கிடைக்காதே.

இளம்பரிதி
முழுசாக முடியாது. ஆனால் ஒரு கணக்கு உதவும். மொத்த வாராக்கடனைப் பார்க்காதீர்கள், ஒதுக்கீடு போக மிஞ்சும் நிகர வாராக்கடனைப் பாருங்கள். அதை ஒதுக்கீடு போன நிகரக் கடனோடு ஒப்பிட்டுத்தான் அறிக்கையில் போடுவார்கள். நீங்கள் மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். பேரேடு ஐயாவின் வங்கியில் முதல் வருஷக் கடைசியில் நிகர வாராக்கடன் 42.5, மூலதனம் 122.5. நிகரக் கடனில் 4.3 சதவீதம் என்று படித்தால் சின்னதாகத் தெரியும். மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் ஒதுக்கப்படாத கெட்ட கடனில் தொங்குகிறது என்று படித்தால் நிலைமை தெரியும். 1980-களில் டெக்சாஸ் வங்கிகள் வரிசையாக விழுந்தபோது இதே மாதிரி ஒரு விகிதம்தான் உருவானது. வாராக்கடனை, மூலதனமும் ஒதுக்கீடும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். ஒன்றைத் தாண்டினால் ஆபத்து.

பழைய பேரேடு
அதோடு வருஷச் சம்பாத்தியத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒதுக்கீட்டுக்கு முந்தைய லாபம் 15, ஒதுக்காமல் மிஞ்சியது 42.5 என்றால், மூன்று வருஷச் சம்பாத்தியம் முழுக்க அந்த ஒரே கடனுக்குப் போகலாம். ஆனால் இது வங்கி ஒப்புக்கொண்ட வாராக்கடனுக்கு மட்டும்தான். நான் சொன்ன அந்த மூன்று காலாண்டு வித்தை எந்த விகிதத்திலும் தெரியாது.

மேகலா ரா.
இப்போதுதான் போன வருஷ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நிகர வாராக்கடன் மூலதனத்தில் பாதிக்கும் மேலே. 47-ஆம் பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் லாபத்தையும் டிவிடெண்டையும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். இந்த வருஷம் ஒதுக்கியது போக இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. பேரேடு ஐயா, சந்தேகத்துக்குரிய வகையில் ஈடு உள்ள பகுதிக்கு 25 சதவீதம் என்றீர்கள், அது அப்படியே நிற்குமா, ஏறுமா?

பழைய பேரேடு
ஏறும் அம்மா. அந்த வகைக்கு வந்து ஒரு வருஷம் தாண்டினால் 40, மூன்று வருஷம் தாண்டினால் முழுசும். உங்கள் வங்கியின் அறிக்கையில் வாராக்கடனை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் அந்த அட்டவணையை இங்கே போடுங்கள், அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.